தசைநாரும் தசைநாணும்

தசைநார் எலும்பை எலும்போடு பிணைப்பது. ஆங்கிலம் வழி வந்த ‘லிகமென்ட்’டின் வேரான லத்தீன் வினை ‘லிகாரே’க்குக் கட்டுதல் என்று பொருள். தசைநாண் தசையை எலும்போடு சேர்ப்பது. அதைக் குறிக்கும் ‘டெண்டன்’, இழுத்து நீட்டுதலைச் சொல்லும் ‘டெண்டெரே’யோடு உறவுடையது. வில்லின் நாணைப் போலத் தசையின் இழுப்பை எலும்புக்குக் கடத்துவதால் தமிழ்ப்பெயரும் பொருந்துகிறது.

பாதம் உட்புறமாக மடங்கிச் சுளுக்கினால் பெரும்பாலும் கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் அடிபடும். ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் குதிகாலுக்கு மேலே திடீரென வலித்தால் அக்கிலீஸ் தசைநாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்கால் சதையை அழுத்தினால் பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் ஐயம் வலுப்படும்.

இரண்டும் நெருக்கமாக அடுக்கிய கொலாஜன் இழைகளால் ஆனவை. உயிரணுக்களும் ரத்தக்குழாய்களும் குறைவு. அக்கிலீஸ் நாண் பெரும்பாலும் அறுவது குதிகாலுக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே, ரத்த ஓட்டம் குறைந்த பகுதியில். காயத்தில் முதலில் உருவாகும் இழைகள் ஒழுங்கின்றிக் கிடக்கும். அளவான இழுவிசை கிடைக்கக் கிடைக்க அவை இழுக்கும் திசையில் அடுக்கப்படும். இதற்குப் பல மாதங்கள் ஆகும். வலி போனதும் ஓடத் தொடங்குவோருக்கு மீண்டும் கிழிவது இதனால்தான்.