பழைய போட்டோவை போனில் எடுத்தால் பளபளக்குதா? தாழ்வாரத்து வெளிச்சமும் ஒரு கறுப்பு சார்ட்டும் போதும்!

தாத்தா பாட்டியின் ஒரே கல்யாண போட்டோ. நெகட்டிவ் கிடையாது, வேறு பிரதியும் கிடையாது. தஞ்சை, திருவாரூர், நாகை பக்கத்து ஓட்டு வீடுகளில் இப்படி ஒரு படமாவது கண்ணாடி ஃபிரேமுக்குள் தொங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைத் தூக்கி எறிந்தது போல ஒரு நாள் வந்தால், நனைவது அந்த ஒரே பிரதிதான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களை டிஜிட்டலாக்கியிருக்கிறது. உங்கள் வீட்டுப் படத்தை நீங்களே போனில் பத்திரப்படுத்தலாம். ஆனால் எடுத்ததுமே நடுவில் வெள்ளைத் திட்டு, சாய்ந்த ஓரம், ஒரு பக்கம் இருட்டு. ஏன் இப்படி?

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

பளபளப்பான போட்டோவும் அதன் மேல் இருக்கும் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான். கேமராவுக்குத் தெரியும் வெள்ளைத் திட்டு, மேலே இருக்கும் விளக்கின் பிம்பம்.

10 அங்குல நீளப் படத்தைத் தரையில் வைத்து, ஒன்றரை அடி உயரத்தில் இருந்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கூரை 10 அடி உயரம் என்றால், படத்துக்கு நேர் மேலே இருந்து சுமார் மூன்றேகால் அடிக்குள் உள்ள ட்யூப்லைட் படத்தில் பிரதிபலிக்கும். அதனால் லைட்டை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

லைட்டை அணைத்த பிறகு பிரதிபலிப்பது உங்கள் போனும் கையும் சட்டையும். இதற்கு முழு அளவு கறுப்பு சார்ட் ஒன்று வாங்கி, நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, போனின் பின்பக்கம் டேப்பால் ஒட்டுங்கள். இப்போது படத்தின் கண்ணாடியில் தெரிவது கறுப்பு மட்டுமே. அது படத்தைக் கெடுக்காது.

வெளிச்சம் எப்படி விழ வேண்டும்?

முற்றத்தின் நடுவில் வைத்தால் வானமே படத்தில் தெரியும். தாழ்வாரத்தில், முற்றத்து ஓரத்தில் இருந்து மூன்று நான்கு அடி உள்ளே தள்ளி வையுங்கள். வெயில் நேராகப் படக்கூடாது. ஐப்பசி மூட்டம் இதற்கு அருமையான வெளிச்சம்.

ஆனால் ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் வெளிச்சம் வந்தால், சுவர்ப் பக்கம் மங்கும். அந்தப் பக்கம், படத்தில் இருந்து ஓர் அடி தள்ளி, வெள்ளை வேட்டியை மடித்து நாற்காலியில் தொங்கவிடுங்கள். தெர்மாகோல் அட்டையும் போதும். போகிற வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும்.

சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, படம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை A4 தாளை வைத்து எடுத்துப் பாருங்கள். ஒரு மூலை சாம்பல் நிறமாகத் தெரிந்தால், வேட்டியை இன்னும் கிட்டே கொண்டு வாருங்கள், இல்லையென்றால் படத்தை முற்றத்தில் இருந்து இன்னும் தள்ளி வையுங்கள். தாள் ஒரே மாதிரி வெள்ளையாக வந்த பிறகுதான் போட்டோவை வைக்க வேண்டும்.

ஓரம் ஏன் சாய்கிறது?

போனும் படமும் இணையாக இல்லாததுதான் காரணம். போன் சாய்ந்தால், தூரமாக உள்ள பக்கம் சின்னதாகி சதுரம் கோணலாகும். கேமரா செட்டிங்ஸில் Grid-ஐ ஆன் செய்யுங்கள். ஐபோனில் Level-ஐயும் ஆன் செய்தால், போனைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது இரண்டு கூட்டல் குறிகள் தெரியும். அவை ஒன்றாகச் சேர்ந்தால் போன் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். தரையும் மட்டமாக இருக்க வேண்டும்.

மிகக் கிட்டப் போகாதீர்கள், 0.5x லென்ஸையும் தொடாதீர்கள். இரண்டுமே ஓரங்களை இழுத்துவிடும். கொஞ்சம் விலகி நின்று எடுத்து, பிறகு கிராப் செய்வது நல்லது. கை நடுங்கினால் 3 விநாடி டைமர் வையுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படம்

டெல்டாவின் ஈரத்தில் இது அடிக்கடி நடக்கும். படத்தின் மேல் பூசிய ஜெலட்டின் ஈரம் பட்டால் இளகி, காய்ந்ததும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். சாய்த்துப் பார்த்தால் ஒட்டிய இடம் மட்டும் கருமையாக, நனைந்த மாதிரி தெரியும். பிய்த்து எடுத்தால் முகமே கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, மேலே சொன்ன முறையில் கண்ணாடி வழியாகவே எடுங்கள்.

சார்ட் எல்லாம் கிடைக்காத இடத்தில் கூகுளின் ஃபோட்டோஸ்கேன் ஆப் உதவும். படத்தைச் சில கோணங்களில் எடுத்து, பளபளப்பு இல்லாத பகுதிகளை அது சேர்க்கும். எல்லாக் கோணத்திலும் அதே இடம் பளபளத்தால் அதாலும் முடியாது. அப்போது படத்தைத்தான் நகர்த்த வேண்டும்.

கடைசியாக ஒன்று: எடுத்த படத்தைப் பெரிதாக்கி, கண்ணும் புடவைக் கரையும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஃபிரேமைச் சுவரில் மாட்டுங்கள். குடும்ப குரூப்பில் வாட்ஸ்அப் போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.