பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு: கண்டறிதலும் செவிலியரின் முதல் நடவடிக்கைகளும்

குழந்தை பிறந்தபின் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அது மிகை உதிரப்போக்கு என்பது நெடுங்கால வரையறை. ஆனால் பஞ்சிலும் துணியிலும் ஊறியதைக் கண்ணால் எப்படி அளப்பது? கர்நாடகத்தின் பெலகாவியில் ஆய்வாளர்கள் அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் பை ஒன்றைத் தாயின் இடுப்புக்கடியில் விரித்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியான அவர்களது ஆய்வில், கண்மதிப்பீடு பை காட்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் அதே வகைப் பையோடு முதல் சிகிச்சைகளையும் ஒரே மூச்சில் செய்து பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. 2025இல் உலக சுகாதார நிறுவனம், 300 மில்லி தாண்டி நாடியோ ரத்த அழுத்தமோ மாறினாலே, 500 மில்லிக்குக் காத்திராமல் சிகிச்சையில் இறங்கிவிடச் சொன்னது.

காஞ்சிபுரம் பக்கத்து மாகறல் போன்ற சிற்றூருக்கு இந்த 200 மில்லி முன்னறிவிப்பு பெரிது. அறுவை அரங்குக்கும் ரத்தத்துக்கும் காஞ்சிபுரம் போக வேண்டும்.

பயிற்சிக்காக ஒரு தாயைக் கற்பனை செய்வோம். பிரசவம் 2.10க்கு. பனிநீர் வடிந்தபின் பை விரிக்கப்பட்டது. முன்பே விரித்தால் பனிநீரும் ரத்தக் கணக்கில் சேர்ந்துவிடும். 2.25க்குப் பையில் 350 மில்லி, நாடி 112. நஞ்சுக்கொடி வந்துவிட்டது, கருப்பை தொப்புளுக்கு மேலே, பிசைந்த மாவுபோலத் தளர்ந்திருக்கிறது.

முதலில் உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும். ஒருவர் வயிற்றின் மேல் கைவைத்துக் கருப்பையைக் கெட்டிப்படும்வரை தேய்க்க, மற்றொருவர் பெரிய ஊசியில் நரம்பு பிடித்து, ஒரு லிட்டர் ரிங்கர் லாக்டேட்டில் 20 யூனிட் ஆக்சிடோசின் கலந்து நிமிடத்துக்கு 60 சொட்டு விட வேண்டும். ஆக்சிடோசினை நரம்பில் ஒரேயடியாகத் தள்ளக் கூடாது, ரத்த அழுத்தம் சரியும். குளிர்பெட்டிக்கு வெளியே வெயிலில் கிடந்த ஆம்பியூலை நம்பவும் முடியாது. கூடவே டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாக. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கருப்பை சுருங்காது; கதீட்டர் போட்டு வடிக்க வேண்டும்.

அடுத்து, நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்துத் துண்டு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கருப்பை கல்போல் கெட்டியாகியும் சிவந்த ரத்தம் வழிந்தால் கிழிசலைத் தேட வேண்டும், தேய்த்துப் பயனில்லை. இதற்கு நேர்மாறு, பையில் ரத்தம் கொஞ்சமாயிருந்தும் கருப்பை மேலேறி நாடி விரைவது: ரத்தக்கட்டிகள் உள்ளே தேங்குகின்றன. இங்கே பை ஏமாற்றும், கைதான் கண்டுபிடிக்கும்.

2.40க்கும் நிற்கவில்லையென்றால் இரு கைகளுக்கிடையே கருப்பையை அழுத்திப் பிடித்தபடியே, 108 வண்டியில் செவிலியர் உடன் ஏற வேண்டும். கொடுத்த மருந்தும் நேரமும் பையின் அளவும் எழுதிய சீட்டு தாயோடு போக வேண்டும்.