தொலைவுத் தரையின் மங்கல்: மிப்மேப் தேர்வும் அனிசோட்ரோபிக் வடிகட்டலும்

முப்பரிமாணக் கணினி விளையாட்டுகளில் வரைகலைத் தரத்தை ‘அல்ட்ரா’ என்னும் உச்ச நிலைக்கு உயர்த்திய பின்னரும், சற்றுத் தொலைவில் உள்ள சாலையும் ஓடு பாவிய தரையும் மங்கலாகவே தெரிவது பரவலாகக் காணப்படும் குறை. டெக்ஸ்சரின் நுணுக்கம் போதவில்லை என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அக்காரணம் பெரும்பாலும் பிழையானது என்றும், தொலைவில் எந்த அளவு நுணுக்கம் தெரியும் என்பதைச் சேமிக்கப்பட்ட படத்தின் அளவு முடிவுசெய்வதில்லை, அப்படத்தின் எந்தச் சுருக்கப் பிரதியைப் படிப்பது என்று வரைகலைச் செயலி எடுக்கும் தேர்வே முடிவுசெய்கிறது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

சுருக்கப் பிரதிகளின் தேவை

ஒரு பொருளின் மேற்பரப்பில் போர்த்தப்படும் படம் டெக்ஸ்சர் எனப்படும். அதன் ஒவ்வொரு புள்ளியும் டெக்செல். பரப்பு தொலைவுக்குச் செல்லச் செல்லத் திரையின் ஒரு பிக்சலுக்குள் பல டெக்செல்கள் அடங்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து அந்தப் பிக்சலுக்கு நிறம் கொடுத்தால், பார்வை சிறிது நகர்ந்தாலும் வேறொரு டெக்செல் அகப்படுவதால் பரப்பு மினுமினுக்கும். படத்தில் இல்லாத அலைக்கோலங்களும் தோன்றும். பிக்சலுக்குள் அடங்கும் அனைத்து டெக்செல்களின் சராசரியை எடுப்பதே சரியான தீர்வு என்றாலும், ஒவ்வொரு பிக்சலுக்கும் அதை அவ்வப்போது கணிப்பது பெருஞ்செலவு.

இச்செலவைத் தவிர்க்கும் வழியை லான்ஸ் வில்லியம்ஸ் 1983-இல் வெளியிட்டார். மூலப் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கி ஒரு பிரதி, அதையும் பாதியாக்கி மற்றொன்று என ஒற்றை டெக்செல் எஞ்சும் வரை முன்கூட்டியே சராசரிப் பிரதிகளைச் செய்துவைப்பது அம்முறை. இவ்வரிசையே மிப்மேப், மூலப் படம் அதன் 0-ஆம் நிலை, 2048 டெக்செல் அகலமுள்ள படத்துக்கு 7-ஆம் நிலை 16 டெக்செல் அகலமுடையது. எல்லாப் பிரதிகளும் சேர்ந்து மூலப் படத்தின் மூன்றில் ஒரு பங்கு நினைவகத்தையே கூடுதலாகக் கேட்கின்றன. பிக்சல் ஒன்று மூலப் படத்தில் எத்தனை டெக்செல் அகலத்துக்குப் பரவுகிறது என்று கண்டு, அதன் இரண்டடிமான மடக்கையை எடுத்தால் படிக்கவேண்டிய நிலை கிடைத்துவிடும். அவ்வெண் பின்னமாக அமையும்போது அடுத்தடுத்த இரு நிலைகளையும் படித்துக் கலப்பது ட்ரைலீனியர் வடிகட்டல்.

சாய்ந்த பரப்பில் நேரும் பிழை

இம்முறையில் ஓர் எடுகோள் பொதிந்துள்ளது: பிக்சல் பரப்பின் மீது ஏறத்தாழச் சதுரமாகவே விழுகிறது என்பது அது. பார்வைக்கு நேராக நிற்கும் சுவருக்கு அது பொருந்தும். தொலைவை நோக்கி விரியும் தரைக்குப் பொருந்தாது. சாய்த்துப் பிடித்த டார்ச்சின் ஒளிவட்டம் தரையில் நீண்டு விழுவதுபோல, பிக்சலின் தடமும் பார்வைத் திசையில் நீண்டுவிடுகிறது.

எவ்வளவு நீள்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 1920×1080 பிக்சல் திரை, கிடைமட்டத்தில் 90 பாகைப் பார்வைக் கோணம், சமதரைக்கு மேல் 1.7 மீட்டர் உயரத்தில் நேர்முகமாகப் பார்க்கும் கேமரா ஆகியவற்றைக் கொள்வோம். திரையின் நடுப்பகுதியில் 17 மீட்டர் தொலைவிலுள்ள தரையில் ஒரு பிக்சல் குறுக்காக 1.77 சென்டிமீட்டரையும், பார்வைத் திசையில் 17.7 சென்டிமீட்டரையும் மூடுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள விகிதம் 10. அதாவது தொலைவைக் கேமராவின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணேதான். சமதரையில் எத்தொலைவுக்கும் இவ்விதி பொருந்துகிறது.

இத்தரையில் 2 மீட்டர்ப் பக்கமுள்ள ஒவ்வொரு சதுரத்துக்கும் 2048 டெக்செல் அகலமுள்ள ஒரு சாலைப் படம் போர்த்தப்பட்டிருப்பதாகவும், அப்படத்திலேயே பார்வைத் திசையில் ஓடும் 10 சென்டிமீட்டர் அகல வெள்ளைக் கோடு வரையப்பட்டிருப்பதாகவும் கொண்டால், 17 மீட்டரில் பிக்சலின் தடம் குறுக்கே 18 டெக்செல், நெடுக்கே 181 டெக்செல். நீண்ட பக்கத்தில் மினுமினுப்பு எழக்கூடாது என்பதற்காக ட்ரைலீனியர் முறை 181-ஐயே கணக்கில் கொண்டு 7.5 என்ற நிலையைத் தேர்கிறது. அங்கு 7-ஆம் நிலையில்கூட ஒரு டெக்செல் 12.5 சென்டிமீட்டர் அகலம். 10 சென்டிமீட்டர்க் கோடு அதற்குள் தாரின் கருமையோடு கலந்து சாம்பல் நிறமாகிவிடுகிறது. ஆனால் திரையில் அக்கோட்டுக்கு ஐந்து பிக்சலுக்கும் மேற்பட்ட அகலம் இருக்கிறது. கோட்டைக் காட்டத் திரையில் இடமும் படத்தில் தரவும் இருந்தும், தேர்ந்த நிலை அதை அழித்துவிட்டது.

அல்ட்ரா எதை மாற்றுவதில்லை

இவ்விடத்தில் டெக்ஸ்சர் தரத்தை அல்ட்ராவுக்கு உயர்த்தி, 2048-க்குப் பதிலாக 4096 டெக்செல் அகலமுள்ள படத்தைக் கொணர்ந்தால், தடம் நெடுக்கே 362 டெக்செல்லாகிறது. தேர்வாகும் நிலை 8.5 ஆகிறது. 4096 படத்தின் 8-ஆம் நிலை 16 டெக்செல் அகலமுடையது. அது முந்தைய படத்தின் 7-ஆம் நிலையேதான். நான்கு மடங்கு நினைவகம் செலவாகியும் 17 மீட்டரில் திரைக்கு வரும் நிறங்கள் மாறுவதில்லை. பெரிய படம் வரிசையின் தொடக்கத்தில் ஒரு பிரதியை மட்டுமே சேர்க்கிறது. இவ்வெடுத்துக்காட்டில் திரையின் அடிவிளிம்பில் தெரியும் மிக அண்மைத் தரை கூட 3 மீட்டர் தொலைவில் உள்ளது. அங்கும் ஒரு பிக்சல் குறுக்காக மூன்று டெக்செல்களை மூடுவதால் 2048 படத்தின் 0-ஆம் நிலையே படிக்கப்படுவதில்லை. பெரிய படத்தின் பயன் கேமரா பரப்பை நெருங்கும்போது மட்டுமே வெளிப்படும்.

அனிசோட்ரோபிக் வடிகட்டலும் அதன் எல்லையும்

தடம் திசைக்குத் திசை வேறுபடுவதைக் கணக்கில் கொள்வதே அனிசோட்ரோபிக் வடிகட்டல். அது குறுகிய பக்கத்துக்கு ஏற்ற நுணுக்கமான நிலையைத் தேர்ந்து, நீண்ட பக்கத்தின் வழியே பல இடங்களில் மாதிரி எடுத்து அவற்றைச் சராசரியாக்குகிறது. ஓபன்ஜிஎல் நீட்டிப்பின் விவரக்குறிப்பு இதற்குத் தரும் கணக்கின் சாரம் வருமாறு:

```
N = min(ceil(Pmax / Pmin), maxAniso)
λ = log2(Pmax / N)
```

`Pmax`, `Pmin` என்பன தடத்தின் நீண்ட, குறுகிய பக்கங்கள். `N` மாதிரிகளின் எண்ணிக்கை. `λ` தேர்வாகும் நிலை. சாலை எடுத்துக்காட்டில் `N` பத்து ஆவதால் `λ` 7.5-இலிருந்து 4.2 அளவுக்கு இறங்குகிறது. 4-ஆம் நிலையில் ஒரு டெக்செல் 1.6 சென்டிமீட்டரே ஆதலால் வெள்ளைக் கோடு தெளிவாகத் திரும்புகிறது. நெடுக்கே பத்து மாதிரிகளும் சராசரியாவதால் மினுமினுப்பும் எழுவதில்லை.

விளையாட்டுகளில் இதன் உச்ச அளவு வழக்கமாக 16 மடங்கு. கேமரா 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கையில் விகிதம் 16-ஐத் தொடுவது 27.2 மீட்டரில், அதற்கு அப்பால் மாதிரிகள் போதாமல் நிலை மீண்டும் ஏறத் தொடங்கும். எனினும் அத்தொலைவுக்கு அப்பாலுள்ள தரை முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே 60 பிக்சல் வரிசைகளுக்குள் அடங்கிவிடுகிறது. தரைக்குரிய வரிசைகள் மொத்தம் 540. மாறாக, இவ்வடிகட்டல் அறவே இல்லையெனில் 3.4 மீட்டரிலேயே, அதாவது 480-ஆவது வரிசையிலேயே, ஒரு முழு நிலை அளவுக்கு மிகை மங்கல் வந்துவிடுகிறது. தரையின் பெரும்பகுதி எங்கே கெடுகிறது என்பதற்கு இவ்விரு எண்களே சான்று.

மிப்மேப் பயஸ்: உரிய இடமும் உரியதல்லாத இடமும்

கணித்த நிலையோடு கூட்டப்படும் எண்ணே மிப்மேப் பயஸ். எதிர்மறை எண் நுணுக்கமான பிரதியின் பக்கமும், நேர்மறை எண் மங்கலான பிரதியின் பக்கமும் தேர்வைத் தள்ளும். அனிசோட்ரோபிக் வடிகட்டலுக்கு மாற்றாக எதிர்மறைப் பயஸைப் பயன்படுத்தலாம் என்ற கருத்து உண்டு. மேற்கண்ட கணக்கு அதை மறுக்கிறது. 17 மீட்டரில் கோட்டை மீட்க −3.3 பயஸ் வேண்டும். அப்போது குறுக்குத் திசை சரியாகிவிடும், ஆனால் நெடுக்குத் திசையில் பத்து மாதிரிகள் தேவைப்படும் இடத்தில் ஒன்றே எடுக்கப்படுவதால் நகர்கையில் தரை கொதிப்பதுபோல் மினுங்கும். பயஸ் தடத்தின் வடிவத்தை அறியாது. எல்லாத் திசைகளையும் ஒரே அளவில் தள்ளுவது மட்டுமே அதனால் இயலும்.

பயஸ் உண்மையில் தேவைப்படும் இடம் வேறு. இன்றைய விளையாட்டுகள் பல, காட்சியைக் குறைந்த பிக்சல்களில் வரைந்து, தொடர்ந்த பல சட்டகங்களின் மாதிரிகளைச் சேர்த்துத் திரையளவுக்குப் பெருக்குகின்றன. 1280×720-இல் வரைந்து 1920×1080-இல் காட்டும்போது ஒவ்வொரு பிக்சலின் தடமும் 1.5 மடங்கு பெரிதாவதால் தேர்வாகும் நிலை 0.585 ஏறிவிடுகிறது; பெருக்கும் முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் டெக்ஸ்சரிலிருந்து படிக்கப்படாத நுணுக்கத்தை அதனால் மீட்கமுடியாது. வரையும் அகலத்தைத் திரையகலத்தால் வகுத்து மடக்கை எடுத்தால் வரும் −0.585 பயஸ் இவ்விழப்பை நேர்செய்கிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2 வழிகாட்டி அதோடு மேலும் −1 சேர்க்கப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் மாதிரிப்புள்ளி சிறிது நகர்த்தப்பட்டுப் பல சட்டகங்கள் சராசரியாவதாலேயே இத்தள்ளல் இங்கு தாங்கப்படுகிறது. அச்சராசரி இல்லாத இடத்தில் அதே பயஸ் மினுமினுப்பையே தரும்.

காரணத்தைப் பிரித்தறிதல்

மங்கலின் தோற்றமே அதன் காரணத்தைக் காட்டும். தரை மங்கலாகவும் அதே தொலைவில் பார்வைக்கு நேரான சுவர் தெளிவாகவும் இருந்தால் குறை அனிசோட்ரோபிக் வடிகட்டலில் உள்ளது. சுவரும் தரையும் சம அளவில் மங்கி, முழுத் திரை அளவில் வரையும்போது இரண்டும் தெளிந்தால், பெருக்கத்துக்கு ஈடான பயஸ் தரப்படவில்லை. பொருள்களின் விளிம்புகளும் சேர்ந்து மங்கினால், ஆழப்புலத் தெளிவின்மை போன்ற பிற்செயல் விளைவுகளைச் சோதிக்கவேண்டும். நின்ற இடத்திலேயே சில நொடிகளில் மங்கல் தானே விலகினால், நுணுக்கமான பிரதிகள் நினைவகத்துக்கு வந்துசேரத் தாமதமாகிறது; நினைவகத்தை நிரப்பும் அல்ட்ரா டெக்ஸ்சர்கள் இத்தாமதத்தை மிகுவிக்கவும் கூடும்.

எல்லா மங்கலும் குறையன்று என்பதும் இக்கணக்கிலிருந்தே பெறப்படும். 17 மீட்டரில் ஒரு பிக்சல் நெடுக்கே 17.7 சென்டிமீட்டரை மூடுவதால், அத்திசையில் மாறிமாறி வரும் கோலங்களுள் ஏறத்தாழ 35 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளி கொண்டவற்றை ஒரு சட்டகத்தில் எம்முறையாலும் உண்மையாகக் காட்ட இயலாது. அவ்வெல்லைக்குள் நிகழும் சராசரி, திரையின் பிக்சல் எண்ணிக்கை விதிக்கும் நியாயமான இழப்பு. அதற்கு மேற்பட்டதே தேர்வின் பிழை. ஆதலின் டெக்ஸ்சர் அளவு, அனிசோட்ரோபிக் வடிகட்டல், பயஸ் மூன்றையும் ஒரே தரப்பெயருக்குள் அடக்கும் அமைப்புப் பட்டியல்கள் பயனரைத் தவறாக வழிநடத்துகின்றன. முதலாவது அண்மைப் பரப்புக்கும், இரண்டாவது சாய்ந்த பரப்புக்கும், மூன்றாவது பெருக்கிக் காட்டும் படத்துக்கும் உரியவை ஆதலால், அவற்றைத் தனித்தனியே காட்டி, தொலைவுத் தரையின் தெளிவுக்கு முதலில் 16 மடங்கு வடிகட்டலைக் கேட்பதே கணக்கோடு பொருந்தும் நடைமுறை.