PM-க்கு முன்னால் ஓர் இடைவெளி

ஆங்கிலத்தில் "3:15 PM" என்று எழுதினால் மொத்தம் ஏழு எழுத்துருக்கள். நான்காவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே இருக்கும் அந்த வெற்றிடத்தையும் சேர்த்துத்தான். 2022 கடைசியில் அந்த வெற்றிடம் மட்டும் சத்தமில்லாமல் மாறியது. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனா கணினிக்கு அது வேறொரு எழுத்து. அந்தக் கதையைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் பின்னணி. ஆங்கிலத்தில் நேரம் எழுத ஒரே விதி என்று எதுவும் கிடையாது. லண்டனின் கார்டியன் நாளிதழ் 6.30pm என்று ஒட்டியே எழுதும். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 6:30 p.m. என்று சின்ன எழுத்தில், புள்ளி வைத்து, இடம் விட்டு எழுதச் சொல்கிறது. அலகுகளிலும் இதே இழுபறிதான். அனைத்துலக அலகு முறையின் கையேடு எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடம் விடச் சொல்கிறது: 5 kg. சதவீதக் குறிக்கும் அதையே சொல்கிறது. ஆனா ஆங்கிலப் பத்திரிகைகளில் 25% என்று ஒட்டி எழுதுவதுதான் வழக்கம்.

இடம் விட்டு எழுதுவதில் ஒரு தொல்லை உண்டு. வரியின் ஓரத்தில் 3:15 நின்றுவிட்டு PM மட்டும் அடுத்த வரிக்குத் தாவிவிடும். அதைத் தடுக்க யூனிகோடில் உடையாத இடைவெளிகள் இருக்கின்றன. அதில் குறுகலான ஒன்றின் எண் `U+202F`.

எந்த மொழியில் தேதி, நேரம், சதவீதம் எப்படி எழுதப்படும் என்ற தரவுகளை யூனிகோடு அமைப்பு சிஎல்டிஆர் என்ற பெயரில் தொகுத்து வைத்திருக்கிறது. உலாவிகளும் ஜாவாவும் இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. 2022 அக்டோபரில் வந்த அதன் 42-ஆம் பதிப்பில், ஆங்கில நேரத்தில் PM-க்கு முன்னால் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக இந்தக் குறுகிய இடைவெளி வந்தது. அச்சுக்கலை நோக்கில் பார்த்தால் சரியான முடிவுதான்.

சிக்கல் எங்கே வந்தது? மனிதர் படிக்க உருவான சரத்தை, பல நிரல்கள் திரும்பவும் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தன. 2023 பிப்ரவரியில் குரோம் 110 இந்தத் தரவோடு வந்ததும் சில இணையதளங்கள் உடைந்தன. உலாவிக்காரர்கள் அவசரமாகப் பழைய இடைவெளியையே திரும்பக் கொடுத்தார்கள். மார்ச்சில் வந்த ஜாவா 20-இலும் இதே கதை. விசைப்பலகையில் தட்டிய "3:15 PM"-ஐ உள்ளூர் வடிவத்தில் படிக்கச் சொன்னால், பிழை வீசியது. 2024-இல் வந்த ஜாவா 23-இல்தான், தளர்வான முறையில் படிக்கும்போது இரண்டு இடைவெளியும் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. கண்டிப்பான முறையில் இன்னமும் வேறுபாடு உண்டு. மேக் கணினியின் புதிய பதிப்புகளில் திரைப்பிடிப்புக் கோப்பின் பெயரிலும் PM-க்கு முன்னால் இதே எழுத்து உட்கார்ந்திருக்கும். பெயரைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாலும் அப்படியொரு கோப்பே இல்லை என்று முனையம் சொல்லும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணை நம்பக் கூடாது, பைட்டுகளை எண்ணணும். யூடிஎஃப்-8-இல் சாதாரண இடைவெளி ஒரு பைட்டு, குறுகியது மூன்று பைட்டு (`E2 80 AF`). ஆக "3:15 PM" ஏழு பைட்டுக்குப் பதிலாக ஒன்பது காட்டினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அந்த இடத்தில் `â€¯` என்று குப்பையாகத் தெரிந்தாலும் இவரேதான்: மூன்று பைட்டையும் பழைய விண்டோஸ் குறியாக்கத்தில் படித்திருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் இப்படிப் பார்க்கலாம்:

```
const s = '3:15\u202FPM';
s === '3:15 PM'                      // false
s.replace(/\s/g, ' ') === '3:15 PM'  // true
```

மூன்றாவது வரி வேலை செய்யக் காரணம், ஜாவாஸ்கிரிப்டின் `\s` இந்த எழுத்தையும் இடைவெளியாகக் கருதுவதுதான். ஜாவாவின் `\s` தானாக அப்படிக் கருதாது. அதனால் இதே திருத்தத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் ஒன்றும் மாறாது.

அதுக்காக ஆவணம் முழுக்க `U+202F`-ஐ அழித்துவிடலாமா என்றால், வேண்டாம். பிரெஞ்சில் ஆயிரங்களைப் பிரிப்பதே அந்த எழுத்துதான். அதை எடுத்துவிட்டுச் சாதாரண இடைவெளி வைத்தால் ஓர் எண் இரண்டு வரியில் பிளந்து நிற்கும். நேரத்தை ஒப்பிடும் இடத்தில் மட்டும் மாற்றினால் போதும். இன்னும் நல்லது, நிரலுக்கும் நிரலுக்கும் நடுவே `15:15` என்று 24 மணி முறையில் அனுப்பிவிட்டு, PM-ஐயும் அதன் இடைவெளியையும் திரையில் காட்டும் கடைசிப் படிக்கு விட்டுவிடுவது.