புளூடூத் ஒலித் தாமதம்

புளூடூத் ஹெட்போனில் படம் பார்க்கும்போது, உதடு அசைந்த பிறகு பேச்சு கேட்பதுண்டு. போன் ஒலியைச் சுருக்கி, பொட்டலங்களாக்கி அனுப்புகிறது. ஹெட்போன் அவற்றை விரித்து ஒலிக்கிறது. ரேடியோ அலை பயணிக்கும் நேரம் அற்பமானது. இடையில் பொட்டலம் தவறினால் ஒலி அறுபடாதிருக்க, ஹெட்போன் சிறிது ஒலியை முன்கூட்டியே சேமித்து வைக்கிறது. தாமதத்தின் பெரும்பங்கு இந்தச் சேமிப்பே. பரவலான எஸ்.பி.சி. முறையில் மொத்தத் தாமதம் ஏறக்குறைய 200 மில்லிநொடி ஆகலாம். சிங்காநல்லூர் குளக்கரையில் 68 மீட்டர் தள்ளி வெடிக்கும் பட்டாசின் ஓசை நம்மை அடையும் நேரம் அது. ஒலி சுமார் 125 மில்லிநொடி பிந்தினாலே பிசகு புலப்படும் என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

பல ஹெட்போன்கள் தம் தாமதத்தைப் போனுக்குத் தெரிவிக்கும். வீடியோ செயலி காட்சியை அதே அளவு நிறுத்திவைக்கும். விளையாட்டில் விரல் தொட்டதும் காட்சி மாற வேண்டியிருப்பதால் இது இயலாது. அங்கே கம்பி ஹெட்போனே உறுதி. ‘கேம் மோட்’ சேமிப்பைக் குறைக்கும். ஆனால் அப்போது சிக்னல் நெரிசலில் ஒலி விட்டுவிட்டுக் கேட்கலாம். கணினியில் படம் பார்க்கும்போது பிசகு தெரிந்தால், VLC பிளேயரில் J விசை ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒலியை 50 மில்லிநொடி முன்தள்ளும். 200 மில்லிநொடிக்கு நான்கு முறை. மிகையானால் K விசை பின்னிழுக்கும்.