முதலில் எழுத்தா, படமா? ஒரு பொடிக் கடையும் ஒரு புடவைக் கடையும்

மாதத்தில் ஒரு நாள் படம் எடுத்துவிடு, ஒரு நாள் எழுதிவிடு, மீதி நாட்களில் வியாபாரத்தைக் கவனி. ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கு இன்ஸ்டாகிராம் பதிவுகள் குறித்து அடிக்கடி சொல்லப்படும் யோசனை இது. நல்ல யோசனைதான். ஆனால் அந்த இரண்டு நாட்களில் எது முதலில் வர வேண்டும் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இந்த ஏற்பாடு ஓடுவதும் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் அந்த வரிசையைப் பொறுத்தது என்பது என் எண்ணம். வரிசையைத் தீர்மானிப்பது விற்கும் பொருள். வீட்டில் இட்லிப் பொடி அரைத்து விற்கும் ஒருவரையும், கைத்தறிப் புடவை விற்கும் ஒருவரையும் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வாரத்துக்கு மூன்று என மாதம் 12 பதிவுகள் தேவை. இருவரிடமும் இருப்பது ஒரு கைபேசியும் வெளிச்சம் வரும் ஒரு ஜன்னலும்.

பொடிக்காரருக்கு எழுத்து நாள்தான் முதலில். ஒன்றாம் தேதி விற்கும் பொடியும் முப்பதாம் தேதி விற்கும் பொடியும் ஒன்றே. புதிதாகக் காட்டப் பொருள் கிடையாது, புதிதாகச் சொல்லத்தான் ஏதாவது வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று மோட்டுவளையைப் பார்த்து உட்கார வேண்டாம். போன மாத வாட்ஸ்அப் உரையாடல்களைத் திறந்தால் போதும். “அக்கா, பூண்டு போட்டிருக்கீங்களா?” “குழந்தைக்குக் குடுக்கலாமா, காரமா இருக்குமா?” “வெளியூருக்கு அனுப்பினா எத்தனை நாள் தாங்கும்?” திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, ஒரு கேள்விக்கு ஒரு பதிவு என்று பிரித்தால் எட்டு பத்து பதிவுகள் தேறிவிடும். பதிலைப் பதிவின் முதல் வரியிலேயே வைக்க வேண்டும். “மேலும்” என்று மடிந்துபோவதற்கு முன் திரையில் தெரிவது அந்த ஒன்றிரண்டு வரிகள்தான்.

எழுத்து முடிந்ததும் ஒவ்வொரு பதிவுக்கும் என்ன படம் வேண்டும் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். பிறகு அந்தக் குறிப்புகளைப் பதிவு வாரியாக இல்லாமல் இடம் வாரியாக மாற்றி அடுக்க வேண்டும்: அடுப்படியில் எடுப்பவை, ஜன்னலோர மேசையில் எடுப்பவை, பொட்டலம் கட்டும்போது எடுப்பவை, முகம் காட்டிப் பேசுபவை. படப்பிடிப்பு நாளில் நேரத்தைத் தின்பது படம் எடுப்பது அன்று. ஸ்டாண்டை நகர்த்துவதும், மேசையைத் துடைத்து மறுபடி அடுக்குவதும், வெளிச்சத்தைச் சரிபார்ப்பதும்தான். நான்கு இடம் என்றால் நான்கு முறை அடுக்கினால் போயிற்று. பதிவு வாரியாகப் போனால் பன்னிரண்டு முறை.

பொடி விஷயத்தில் இந்தப் பட்டியல் கட்டாயம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. வறுப்பது ஒரே ஒரு தரம்தான் நடக்கும். உளுந்து பொன்னிறமாகும் கணம், மிளகாய் உப்பும் கணம், எள் படபடவென்று வெடிக்கும் கணம், மூன்றும் வந்து போய்விடும். எள் வெடிக்கும் சத்தம் தனி ரீலுக்கு வேண்டும் என்று முன்பே தெரிந்தால், அந்த அரை நிமிடத்துக்கு ஃபேனையும் சிம்னியையும் நிறுத்திவைக்கலாம். அரைத்து டப்பாவில் போட்ட பிறகு நினைவுக்கு வந்தால் இன்னொரு ஈடு வறுப்பதைத் தவிர வழியில்லை. ஆவி பறக்கும் இட்லியும் அப்படியே. தட்டில் வைத்து ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆவி அடங்கி மேல்தோல் காய்ந்துவிடும். அதனால் பொடியும் நெய்யும் கேமராவும் தயாராக நின்ற பிறகுதான் கொப்பரையைத் திறக்க வேண்டும்.

புடவைக்காரரிடம் இதே வரிசையைச் சொன்னால் அவர் தடுமாறிப்போவார். அவரிடம் இருப்பவை பெரும்பாலும் ஒற்றைப் புடவைகள். மூட்டை வந்து பிரிக்கும்வரை எந்த நிறம், எந்தக் கரை என்று அவருக்கே தெரியாது. வராத புடவையைப் பற்றி என்ன எழுதுவது? அவருக்குப் படம்தான் முதலில், எழுத்து மறுநாள். அவர் பட்டியலில் இருக்க வேண்டியது ஒரு மாறாத வரிசை: எண் எழுதிய துண்டுச் சீட்டு, முழு விரிப்பு, முந்தானை, கரை, நெசவு தெரிய மிக அருகில் ஒன்று. ஒவ்வொரு புடவைக்கும் அதே வரிசை. எண் சீட்டை முதல் படமாக எடுக்கத் தவறினால், மாலையில் நூற்றைம்பது படங்களுக்கு நடுவே எந்த முந்தானை எந்தப் புடவைக்கு என்று தேடிக்கொண்டிருக்க நேரும். புடவை கையில் இருக்கும்போதே, தொட்டால் எப்படி இருக்கிறது, கஞ்சி எவ்வளவு, கரை எத்தனை விரல் அகலம் என்று எண்ணைச் சொல்லி வாய்ஸ் நோட்டில் பேசிவைத்தால் மறுநாள் எழுத்து பாதி முடிந்தது. படத்தை மட்டும் பார்த்து எழுதினால் எல்லாப் புடவையும் “அழகிய, எடுப்பான” என்று ஒரே மாதிரி வந்து நிற்கும்.

பொடிக்காரருக்கு வெளிச்சம் கொஞ்சம் மாறினாலும் பாதகமில்லை. புடவைக்காரருக்கு அதுதான் உயிர். காரைக்குடிக் கண்டாங்கியின் கடுகு மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் முழுக்க மஞ்சளே நிரம்பும்போது, வெளிச்சம்தான் மஞ்சளாக இருக்கிறது என்று கைபேசி எண்ணிக்கொண்டு நிறத்தைத் தானே வெளுப்பாக்கிவிடும். ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப்லைட்டும் எரிந்தால் ஒரே புடவையில் இரண்டு நிறம் தெரியும். டியூப்லைட்டை அணைத்து, ப்ரோ மோடு உள்ள கைபேசியில் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினை ஒட்டி நிறுத்திவைத்து, நிறம் முக்கியமான எல்லாப் படங்களையும் வெயில் நேரே விழாத ஒரே ஜன்னலில் ஒரே முற்பகலுக்குள் முடிக்க வேண்டும். முதல் புடவையிலேயே திரையையும் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அங்கே பிசகினால் முப்பது புடவையும் பிசகும். “படத்தில் வேற கலரா இருந்துச்சே” என்று திரும்பி வரும் பார்சல்தான் அதன் விலை.

பதிவுகளைத் தேதி குறித்து ஏற்றும்போது வேறுபாடு இன்னும் துலக்கமாகிறது. இன்ஸ்டாகிராமின் தொழில்முறைக் கணக்கிலோ மெட்டா பிசினஸ் சூட்டிலோ கட்டணமில்லாமல் மாதப் பதிவுகளை முன்கூட்டியே அடுக்கிவிடலாம். பொடிக்காரர் பத்தை அடுக்கி, பண்டிகைக்கோ வாடிக்கையாளர் அனுப்பும் நல்ல வார்த்தைக்கோ இரண்டு இடத்தைக் காலியாக விட்டால் மாதம் ஓடிவிடும். புடவைக்காரர் அப்படி அடுக்கினால் பத்தாம் தேதி விற்ற புடவை இருபதாம் தேதி பதிவாக வந்து நிற்கும். ஆசையோடு கேட்கிறவர்களிடம் “அது போயிடுச்சும்மா” என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நாலு முறை அப்படிக் கேட்டவர் ஐந்தாம் முறை கேட்க மாட்டார்.

அதனால் புடவைக்காரருக்கு முழு மாதத்தையும் இரண்டு நாளில் அடக்கும் யோசனையை நான் அப்படியே பரிந்துரைக்க மாட்டேன். ஒற்றைப் புடவைகளை முதல் பத்து நாட்களுக்குள் ஐந்து பதிவாகப் போட்டு முடித்துவிடட்டும். அடுத்த பத்து நாட்களுக்கு, தறிக்காரர் மறுபடி நெய்து தர ஒப்புக்கொண்ட ரகங்கள். கடைசிப் பத்து நாட்களுக்கு விற்றுப்போகாத விஷயங்கள்: முதல் தடவை எப்படித் துவைப்பது, சாயம் போகிறதா என்று ஈரப் பஞ்சால் எப்படிப் பார்ப்பது, மடிப்பை எப்போது மாற்றி மடிப்பது. இந்தக் கடைசி வகைக்கு மட்டும் அவரும் பொடிக்காரரைப் போலவே முதலில் எழுதி, பிறகு படம் எடுக்கலாம். மூட்டை வருவதற்கு முந்தைய நாளே அந்த எழுத்து தயாராக இருந்தால், படப்பிடிப்பு நாளின் பிற்பகலில், நிறம் முக்கியமில்லாத அந்தப் படங்களை எடுத்து முடித்துவிடலாம். விற்ற புடவையின் எண்ணை அன்றைக்கன்றே பார்த்து, அடுக்கிவைத்த பதிவிலிருந்து நீக்கும் ஐந்து நிமிட வேலை மட்டும் அவருக்கு மாதம் முழுக்க இருக்கும்.