உத்தியோக உடையும் கடற்கரை வெயிலும்

கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஆனேக்கல்லில் பொறுத்துக்கொள்ளத்தக்க கோட்டு, சென்னையில் இறங்கியதும் நமக்குத் தண்டனையாகிவிடுகிறது. ஈரம் நிறைந்த கடற்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. துணிக்கும் உடலுக்கும் இடையே காற்று நகர்ந்தால்தான் சிறிதேனும் உலரும்.

பிரிட்டிஷ் ஆட்சிக்காலச் சென்னையில் நம்மவர் பலர் பஞ்சகச்சம், கழுத்து மூடிய கோட்டு, தலைப்பாகை ஆகியவற்றுடன் உத்தியோகத்திற்குச் சென்றனர். கீழே நம் தளர்வு, மேலே துரைகளின் இறுக்கம். பாதிக்குப் பாதி சமரசம் என்போம்.

இரண்டாம் உலகப் போரில் (1939–1945) வெப்பநாடுகளில் படையினர் அணிந்த புஷ்கோட்டு, பின்னர் நம் அலுவலகங்களிலும் இடம்பெற்றது. அதன் தையலைக் கவனிப்போம். செருகி அணியும் சட்டையின் விளிம்பு வளைந்திருக்கும். செருகினாலோ, இடுப்பில் காற்றின் வழி அடைபடும். புஷ்கோட்டின் விளிம்பு நேராக வெட்டி மடித்துத் தைக்கப்படுவதால், வெளியே விட்டாலும் ஒழுங்கு குலையாது. கீழே நுழையும் காற்று திறந்த கழுத்து வழியே வெளியேறும். தோள்தையல் தோளெலும்பின்மேல் சரியாக அமர்ந்தால், மார்பிலும் இடுப்பிலும் உள்ள தளர்வைக் கண் குறையாகக் கொள்வதில்லை. தோள் வழிந்தாலோ இரவல் சட்டை போலிருக்கும்!

1960-களில் பரவிய டெரிலின் கலப்புத் துணி, மடிப்புக் கலையாது நின்றது, கண்ணுக்கு மரியாதைதான். ஆனால் அவ்விழை தன் எடையில் நூற்றுக்கு அரைப்பங்கு அளவு ஈரத்தையே ஏற்கும். பருத்தியோ ஏழெட்டுப் பங்கு ஏற்கும். பருத்தியிலும் நெசவு மிக நெருங்கினால் பயன் குறையும். துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், இழைகளுக்கிடையே ஊசிமுனையளவு ஒளி தெரிய வேண்டும். கஞ்சியை மிகுதியாக ஏற்றினால் அத்துளைகளும் அடைபட்டுப் போகும்.